சைவ உணவில் தசை வளர்க்க: முதல் 12 வாரங்கள்

ஜிம்மில் புதிதாகச் சேரும் சைவ உணவுக்காரருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு அறிவுரைகள் கிடைத்துவிடும். முட்டையாவது சாப்பிடத் தொடங்குங்கள் என்பது ஒன்று. அது முடியாவிட்டால் புரதப் பவுடர் டப்பா ஒன்றை வாங்கிவிடுங்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் ஏற்காமலேயே, பாலும் தயிரும் பருப்பும் பயறும் புழங்கும் சாதாரணத் தமிழ்ச் சமையலறையை வைத்துக்கொண்டு தசையை வளர்க்க முடியும். ஆனால் அந்தச் சமையலறை இன்று சமைக்கும் அளவுகளிலேயே தொடர்ந்து சமைத்துக்கொண்டிருந்தால் முடியாது. எந்த அளவு எங்கே மாற வேண்டும் என்பதை ஒரே ஒருவரின் கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அவர் 27 வயது ஆண் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 170 செ.மீ., எடை 60 கிலோ, நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் வேலை. முட்டையும் இறைச்சியும் உண்பதில்லை. பால் பொருட்கள் உண்டு. இதற்குமுன் முறையாக எடை தூக்கிப் பழகியதில்லை. உங்கள் எடை வேறாக இருந்தால் எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பெண்களுக்கும் கணக்கிடும் முறை இதுவே. தசை கூடும் வேகம் மட்டும் ஆண்களைவிடக் குறைவாக இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் உணவில் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் இரண்டு வாரம் அளவெடுங்கள்

உணவை மாற்றுவதற்கு முன் இரண்டு வாரங்கள் எதையும் மாற்றாமல் வழக்கம்போல் உண்ணுங்கள். காலையில் எழுந்து கழிவறைக்குச் சென்று வந்தபின், எதுவும் குடிப்பதற்கு முன் எடை பார்த்து, தினமும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு நாளின் எடை முந்தைய நாளைவிட அரைக் கிலோவோ முக்கால் கிலோவோ மாறித் தெரிவது இயல்பு. முந்தைய இரவு ஊறுகாயும் அப்பளமும் சற்றுக் கூடினாலே உடலில் நீர் தங்கி எடை ஏறித் தெரியும். ஆகவே ஏழு நாட்களின் சராசரியை மட்டும் பாருங்கள். இரண்டு வாரச் சராசரிகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், நீங்கள் இப்போது உண்ணும் அளவே உங்கள் எடையைத் தாங்கும் அளவு என்று பொருள். நம் உதாரண மனிதருக்கு அது சுமார் 2,200 கலோரி இருக்கும். ஆனால் இணையக் கணக்கிடும் கருவிகள் தரும் எண்ணைவிட உங்கள் நோட்டில் உள்ள எடையே நம்பகமானது, ஏனெனில் அந்தக் கருவிகள் உங்கள் நடமாட்டத்தை உத்தேசமாகவே எடுத்துக்கொள்கின்றன.

அதே இரண்டு வாரங்களில் ஒரு சிறிய டிஜிட்டல் சமையலறைத் தராசு வாங்கி, பருப்பையும் பயறையும் சமைப்பதற்கு முன் எடை போடுங்கள். அப்போதுதான் சைவ வீடுகளில் பலரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு பொய் என்பது தெரியவரும். சாம்பாரில் புரதம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. அந்த 100 கிராமில் வைத்த சாம்பாரை நான்கு பேர் காலையும் மதியமும் ஊற்றிக்கொண்டால், ஒருவருக்கு ஒரு வேளைக்குக் கிடைப்பது 3 கிராமுக்கும் குறைவு. ரசத்தில் அதுவும் இல்லை.

நம் உதாரண மனிதரின் ஒரு நாளை இப்படிக் கூட்டிப் பார்க்கலாம். காலையில் நான்கு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி: 12 கிராம். இரண்டு காபிக்கும் சேர்த்து 100 மி.லி. பால்: 3 கிராம். மதியம் ஒரு தட்டு சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், கொஞ்சம் தயிர்: 17 கிராம். மாலையில் டீயும் இரண்டு போண்டாவும்: 5 கிராம். இரவில் மூன்று சப்பாத்தியும் காய்கறிக் குருமாவும்: 13 கிராம். ஆக மொத்தம் 50 கிராம், அதாவது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு சுமார் 0.83 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆரோக்கியமான பெரியவருக்கு நாள்தோறும் வேண்டும் என்று சொல்லும் அளவும் இதுவே. எனவே அவருக்குப் புரதக் குறைபாடு எதுவும் இல்லை. அந்த அளவு உடலைப் பராமரிக்கப் போதும்; எடை தூக்கிப் புதுத் தசை கட்ட நினைப்பவருக்குப் போதாது.

எவ்வளவு புரதம், எத்தனை வேளை

எடைப் பயிற்சி செய்பவர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கிலோவுக்கு நாள்தோறும் சுமார் 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடத் தசை வளர்ச்சியும் கூடுகிறது, அதற்குமேல் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறியது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். 60 கிலோ எடைக்கு அது 96 கிராம். பருப்பு, பயறுகளின் புரதம் பால் புரதத்தைவிடச் சற்றுக் குறைவாகவே செரிக்கிறது என்பதால், சைவ உணவுக்காரர்கள் இந்த எண்ணுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. உடல் எடைக்கு இரு மடங்கு கிராம், மூன்று மடங்கு கிராம் என்று ஜிம்மில் சொல்லப்படும் கணக்குகளுக்கு ஓடத் தேவையில்லை. ஓடினால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடம் இருக்காது.

இந்த 96 கிராமை நான்காகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 24 கிராம் வரும். நாளின் மொத்த அளவுதான் முதன்மையானது, பகிர்வு அதற்கு அடுத்தது. இருந்தாலும் சைவ உணவில் பகிர்வுக்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. இரவில் ஒரே மூச்சாக 60 கிராம் புரதத்தை பயறிலிருந்தும் பனீரிலிருந்தும் எடுக்க முயன்றால் வயிறு உப்பிப் போகும், மறுநாள் அந்தத் திட்டமே கைவிடப்படும். மேலும், ஒரு வேளை உணவு தசை கட்டும் வேலையை நன்றாகத் தூண்ட வேண்டுமானால் அதில் லூசின் என்ற அமினோ அமிலம் ஓரளவு இருக்க வேண்டும். பால் பொருட்களிலும் சோயாவிலும் அது நன்றாகவே இருக்கிறது. இட்லியும் சட்னியும் மட்டுமான காலை உணவில் மிகக் குறைவு.

தானியமும் பருப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒரே நாளில் இரண்டும் சேர்ந்தால் போதும். நம் சாப்பாட்டில் சேர்க்கை என்றுமே பிரச்சினையாக இருந்ததில்லை. ஐந்து பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்ற விகிதம்தான் பிரச்சினை.

தட்டை மாற்றும் முறை

ஒவ்வொரு வேளையிலும் முதலில் புரதப் பொருள் எது, எத்தனை கிராம் என்பதை முடிவு செய்துவிட்டுப் பிறகு சோற்றையோ சப்பாத்தியையோ வைக்க வேண்டும். இந்த ஒரு வரிசை மாற்றம் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

காலை உணவுதான் மிகவும் பின்தங்கியிருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம். இட்லிக்குப் பதில் அடை நல்ல தேர்வு; ஆனால் பல வீடுகளில் அடைக்கு அரிசி இரு பங்கும் பருப்பு ஒரு பங்குமாக ஊறப்போடுகிறார்கள். அதைத் திருப்பி, ஒருவருக்கு 60 கிராம் பருப்பு (துவரை, கடலை, பாசி கலந்து), 30 கிராம் அரிசி என்று போட்டால் இரண்டு அடைக்கு 15 கிராம் புரதம் வந்துவிடும். பருப்பு மிகுந்த மாவு கல்லில் ஒட்டிப் பிய்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, கல்லை நன்கு காயவைத்து, நடுவில் ஒரு துளையிட்டு எண்ணெய் விட்டால் மொறுமொறுப்பாகவே எழும்பி வரும். அதனுடன் 200 மி.லி. பால் குடித்தால் மொத்தம் 22 கிராம். இட்லி சாப்பிட்டே ஆக வேண்டிய நாட்களில் ஒரு இட்லியைக் குறைத்துவிட்டு, 40 கிராம் கொண்டைக்கடலையை முந்தைய இரவு ஊறவைத்து வேகவைத்த சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்தால் ஏறக்குறைய அதே அளவு வரும்.

மதியச் சாப்பாட்டுக்கு மலிவான, வலுவான பொருள் மீல் மேக்கர். காய்ந்த நிலையில் அதன் எடையில் பாதிக்கும் சற்று மேல் புரதம் என்பதால், 30 கிராமிலேயே 15 கிராம் கிடைக்கிறது. பலருக்கு அதன் வாடை பிடிக்காமல் போவதற்குக் காரணம் தயாரிப்பில் காட்டும் அவசரம். உப்புப் போட்டுக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு, வடித்து, குளிர்ந்த நீரில் போட்டுக் கைகளால் பிழிந்து, மறுபடியும் ஒருமுறை அலசிப் பிழிய வேண்டும். பிழிந்தெடுத்ததை இரண்டாக நறுக்கி, மிளகு, சோம்பு, வெங்காயத்துடன் வறுத்தெடுத்தால் டிபன் பெட்டியில் வைத்து மதியம் வரை நன்றாக இருக்கும். சோயா ஆண்களின் ஹார்மோனைக் குறைத்துவிடும் என்ற பேச்சுக்கு, வழக்கமான உணவு அளவுகளில் ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. தைராய்டு மாத்திரை உண்பவர்கள் மட்டும் அந்த மாத்திரைக்கும் சோயாவுக்கும் இடையே சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும், ஏனெனில் சோயா அந்த மருந்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. மீல் மேக்கர் 15, 30 கிராம் பருப்புப் போட்ட கெட்டியான கூட்டில் 7, சோற்றில் 5, 150 கிராம் தயிரில் 5 என மதியம் 32 கிராம் ஆகிறது. மீல் மேக்கர் சலித்துப்போகும் நாளில் பருப்பு உசிலி செய்யலாம். பொரியல் என்ற பெயரில் தட்டுக்கு வந்தாலும், நன்றாகச் செய்த உசிலியில் காயைவிடப் பருப்புதான் அதிகம். ஆளுக்கு 40 கிராம் பருப்பு எளிதாக உள்ளே போய்விடும்.

மாலையில் போண்டாவுக்குப் பதில் 40 கிராம் வறுத்த வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், 250 மி.லி. பால்: 19 கிராம். இரவில் இரண்டு சப்பாத்தி, 80 கிராம் பனீர் போட்ட மசாலா, ஒரு டம்ளர் மோர்: 23 கிராம். நான்கு வேளையும் சேர்ந்து 96 கிராம் ஆகிவிட்டது, காபியில் உள்ள பால் அதற்கு மேல்.

இங்கே இரண்டு பொருட்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. வேர்க்கடலையையும் பாதாமையும் புரத உணவு என்றே பலரும் எண்ணுகிறார்கள். 100 கிராம் வேர்க்கடலையில் புரதம் சுமார் 25 கிராம், கொழுப்போ அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஊறவைத்த பத்து பாதாமில் புரதம் 3 கிராம்கூட இல்லை. இவற்றைக் கலோரி சேர்க்கும் பொருளாகக் கருதினால் ஏமாற்றம் இருக்காது. பனீரும் அப்படித்தான்: 100 கிராமில் 18 கிராம் புரதத்துடன் 20 கிராமுக்குமேல் கொழுப்பும் வருகிறது. புரதம் முழுவதையும் பனீரிலிருந்தே எடுக்க நினைத்து நாளுக்கு கால் கிலோ உண்பவர், அதிலேயே 700 கலோரிக்கு அருகில் போய்விடுவார்.

பயறுகளைத் திடீரென்று கூட்டினால் வாயுத் தொல்லை நிச்சயம். முதல் வாரம் பாதி அளவு, பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாக என்று மூன்று வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் குக்கரில் குழைய வேகவைப்பது பெரிதும் உதவும். முழுப் பயறு ஒத்துக்கொள்ளாதவருக்குத் தோல் நீக்கிய பாசிப்பருப்பு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகு, விடுதியில் தங்கியிருப்பதாலோ பயணத்தாலோ 20 கிராம் தொடர்ந்து குறைகிறது என்றால், வே புரதப் பவுடர் ஒரு கரண்டி சேர்ப்பதில் தவறில்லை. அது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் அச்சிட்ட, முத்திரை உடையாத டப்பாவாக இருக்க வேண்டும். ஜிம்மில் பிரித்துக் கொடுக்கும் பெயரில்லாப் பொட்டலம் வேண்டாம். ‘மாஸ் கெய்னர்’ என்று விற்பவற்றில் பெரும்பங்கு மாவுச்சத்தும் சர்க்கரையுமே. அந்தப் பணத்தில் பாலும் வாழைப்பழமும் வாங்கலாம்.

சைவர்களுக்குக் குறிப்பாகப் பயன்படக்கூடிய ஒரே துணைப்பொருள் கிரியாட்டின் மோனோஹைட்ரேட். இது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, செடியுணவில் இல்லை. ஆகவே சைவ உணவுக்காரர்களின் தசைகளில் அதன் இருப்பு குறைவாகவே உள்ளது. தினமும் 3 முதல் 5 கிராம் வரை போதும். தொடங்கியதும் தசைக்குள் நீர் சேர்வதால் எடை சற்று ஏறும் என்பதையும், சிறுநீரகச் செயல்பாட்டை அறிய இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் ‘கிரியாட்டினின்’ என்ற வேறொரு பொருளின் அளவு சற்றுக் கூடித் தெரியலாம் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பி12 உயிர்ச்சத்தையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. பால் குடிக்கும் சைவர்களிடமும் இந்தியாவில் இந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது, அந்தச் சோர்வைப் புரதக் குறைவு என்று எண்ணிப் பலர் தவறான இடத்தில் செலவிடுகிறார்கள்.

கூடுதல் கலோரி எவ்வளவு

மேலே சொன்ன நாளின் மொத்தம் சுமார் 2,400 கலோரி வரும். எடையைத் தாங்கும் அளவான 2,200-ஐவிட இது 200 கூடுதல். இந்த 200 முதல் 300 வரையான உபரியே போதுமானது என்பதைப் பலர் நம்புவதில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி கூட்டினால் ஐந்து மடங்கு தசை வரும் என்பதுபோல் உண்கிறார்கள். தசை வளரும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பயிற்சிக்குப் புதியவரான இளைஞருக்கு முதல் சில மாதங்களில் எல்லாம் சரியாக அமைந்தால் மாதத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தசை கூடலாம், பெண்களுக்கு அதில் ஏறத்தாழ பாதி. அதற்குமேல் உண்பது கொழுப்பாகவே படியும், அதுவும் நம்மவருக்கு முதலில் வயிற்றில்தான். கை கால் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு தெற்காசியரிடம் மிகுதி என்பது மருத்துவ ஆய்வுகளில் நன்கு பதிவாகியிருக்கிறது.

எனவே எடை கூடும் வேகத்தை வாரத்துக்கு உடல் எடையில் கால் சதவீதம் முதல் அரைச் சதவீதம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோவுக்கு அது வாரம் 150 முதல் 300 கிராம். கூட்டும்போது எல்லா உணவையும் சிறிது சிறிதாகக் கூட்டாமல், தனியாகத் தெரியும் ஒரே பொருளாகக் கூட்டினால் பிறகு குறைப்பதும் எளிது. மாலையில் உண்ணும் 40 கிராம் வேர்க்கடலை கிட்டத்தட்ட 230 கலோரி. எடை அதிவேகமாக ஏறினால் அதைப் பாதியாக்கலாம். ஏறவில்லையென்றால் இரண்டு வாழைப்பழமோ ஒரு கரண்டி சோறும் ஒரு தேக்கரண்டி நெய்யுமோ சேர்க்கலாம்.

சைவ உணவில் வேறொரு சிக்கலும் வருவதுண்டு. பயறும் காயும் நார்ச்சத்து மிகுந்தவை என்பதால், கலோரி போதுமான அளவு சேர்வதற்கு முன்பே வயிறு நிறைந்துவிடும். ஒல்லியானவர்கள் பலர் நன்றாக உண்கிறேன், எடை ஏறவே இல்லை என்று சொல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அவர்கள் இன்னொரு கிண்ணம் சுண்டல் உண்ண முயலாமல், பால், வாழைப்பழம், வேர்க்கடலைச் சட்னி, நெய் போன்ற குறைந்த இடத்தில் கூடுதல் கலோரி தரும் பொருட்களைச் சேர்க்க வேண்டும். வெள்ளைச் சோற்றைக் கைவிட்டுவிட்டுக் கைக்குத்தல் அரிசிக்கும் சிறுதானியத்துக்கும் முழுவதும் மாறுவது, எடை குறைக்க விரும்புபவருக்குப் பொருந்தலாம். எடை ஏறாமல் தவிப்பவருக்கு அது எதிர்த்திசையில் போவதாகும்.

வாரத்தில் மூன்று நாள் பயிற்சி

திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று ஒரு நாளைக்கு ஒரு பகுதியாகப் பிரித்த ஆறு நாள் அட்டவணையே பெரும்பாலான ஜிம்களில் புதியவருக்கும் கொடுக்கப்படுகிறது. அதில் ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு ஒரே வாய்ப்புதான். திங்களன்று அலுவலகத்தில் நேரமாகிவிட்டால் அந்த வாரம் மார்புக்கு எதுவும் இல்லை. சனிக்கிழமைக்கு ஒதுக்கிய கால்களுக்கோ பலரிடம் எந்த வாரமும் எதுவும் இல்லை. பயிற்சியால் தூண்டப்பட்ட தசை கட்டும் வேலை ஓரிரு நாட்கள் வரைதான் உயர்ந்து நிற்கும். வாரத்தின் மொத்த செட்டுகள் சமமாக இருந்தால், இப்படிப் பிரித்துச் செய்வதற்கும் ஒவ்வொரு முறையும் உடல் முழுவதற்கும் செய்வதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் புதியவர் ஒரே நாளில் மார்புக்குப் பன்னிரண்டு செட் போடும்போது கடைசி ஐந்தாறு செட்டுகள் களைப்பில் வீணாகின்றன, மறுநாள் சட்டையைக் கழற்றவே கை எழுவதில்லை.

ஆகவே வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வுடன், ஒவ்வொரு முறையும் உடல் முழுவதற்கும் பயிற்சி. இரண்டு பட்டியல்களை மாற்றி மாற்றிச் செய்யலாம். முதல் பட்டியலில் டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துச் செய்யும் ஸ்குவாட், டம்பெல் பெஞ்ச் பிரஸ், கேபிளை அமர்ந்து இழுக்கும் ரோயிங், பிளாங்க். இரண்டாவதில் முதுகை நேராக வைத்து இடுப்பில் குனிந்து நிமிரும் ரொமேனியன் டெட்லிஃப்ட், தோளுக்கு மேல் டம்பெல்லைத் தூக்கும் பிரஸ், கம்பியை மேலிருந்து நெஞ்சுக்கு இழுக்கும் லாட் புல்டவுன், ஒரு காலை முன்வைத்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட். ஒவ்வொன்றிலும் மூன்று செட், உடலை அசையாமல் தாங்கி நிற்கும் பிளாங்க் தவிர மற்றவற்றில் செட்டுக்கு 8 முதல் 12 முறை, செட்டுகளுக்கு இடையே இரண்டு நிமிடம். வார்ம் அப்புடன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கைத்தசை ஆசையுள்ளவர்கள் கடைசியில் பைசெப்ஸுக்கு இரண்டு செட் போட்டுக்கொள்ளட்டும், தடுத்தாலும் போடத்தான் போகிறார்கள்.

எடையைத் தேர்ந்தெடுக்கும் முறை முக்கியமானது. ஒரு செட்டை நிறுத்தும்போது, முறை தவறாமல் இன்னும் இரண்டு தடவைதான் தூக்க முடியும் என்ற நிலையில் இருக்க வேண்டும். ஐந்தாறு தடவை மீதமிருந்தால் எடை குறைவு. இடுப்பை வளைத்து உலுக்கித்தான் தூக்க முடிகிறது என்றால் எடை அதிகம். எடையை ஏற்றும் முறையை பெஞ்ச் பிரஸ்ஸில் பார்ப்போம். கைக்கு 10 கிலோ டம்பெல்லுடன் முதல் நாள் 10, 9, 8 முறை முடிந்தது என்று நோட்டில் எழுதுகிறார். அடுத்த தடவை 11, 9, 9. பிறகு 12, 10, 10. அதே 10 கிலோவில் மூன்று செட்டிலும் 12 வரும்வரை காத்திருந்து, அதன்பிறகே 12.5 கிலோவுக்குப் போகிறார். அங்கே மீண்டும் 8, 8, 7 என்று இறங்கும். அது பின்னடைவல்ல, புது எடையின் தொடக்கம். இந்த நோட்டு இல்லாமல் பயிற்சி செய்பவர்கள் ஆறு மாதம் கழித்தும் அதே டம்பெல்லையே தூக்கிக்கொண்டிருப்பதை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம். தூக்கும் எடை ஏறாதபோது உண்ட உபரி தசைக்குப் போக வழியில்லை.

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரதம் உண்ணாவிட்டால் எல்லாம் வீண் என்ற பதற்றம் தேவையில்லை. மாலை ஏழு மணிப் பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன் பாலும் கடலையும், முடிந்து வீடு திரும்பியபின் இரவு உணவும் இருந்தால் இரு பக்கமும் சரியாகவே அமைந்துவிடுகிறது. அதிகாலையில் வெறும் வயிற்றில் பயிற்சி செய்பவர்கள் மட்டும் காலை உணவை அதிக நேரம் தள்ளிப்போட வேண்டாம்.

நோட்டைப் படித்துத் திருத்துவது

மூன்று எண்கள் போதும்: எடையின் வாரச் சராசரி, தொப்புள் மட்டத்தில் இன்ச் டேப்பால் இரு வாரங்களுக்கு ஒருமுறை எடுத்த வயிற்றளவு, ஒவ்வொரு பயிற்சியிலும் தூக்கிய எடை.

நம் உதாரண மனிதரின் நோட்டு இப்படிப் போகலாம். தொடக்கத்தில் 60 கிலோ, வயிறு 80 செ.மீ. இரண்டாம் வார முடிவில் 60.9. இந்த 900 கிராமைக் கண்டு மகிழவும் வேண்டாம், பயந்து உணவைக் குறைக்கவும் வேண்டாம். குடலில் கூடியிருக்கும் உணவு, தசையில் சேர்ந்த நீர், கிரியாட்டின் ஆகியவையே இதில் பெரும்பகுதி. உண்மையான கணக்கு அதன்பிறகே தொடங்குகிறது. ஆறாம் வாரத்தில் 61.7, வயிறு 80.5; அதாவது நான்கு வாரத்தில் 800 கிராம், வாரம் 200, நினைத்த வரம்புக்குள் இருக்கிறது. ஆறிலிருந்து ஒன்பதாம் வாரம் வரை சராசரி 61.7-இலிருந்து 61.8-க்கு மேல் போகவில்லை, பெஞ்ச் பிரஸ்ஸும் 12.5 கிலோவிலேயே நிற்கிறது. கூடிய உடல் எடைக்கும் பயிற்சிக்கும் இப்போது கூடுதல் கலோரி செலவாகிறது, பழைய உபரி கரைந்துவிட்டது. இங்கே புரதத்தைக் கூட்டிப் பயனில்லை. காலையில் ஒரு வாழைப்பழமும் மதியம் ஒரு கரண்டி சோறும் சேர்த்தால் மீண்டும் 200 கலோரி கிடைக்கும். பன்னிரண்டாம் வாரத்தில் 62.5 வரை வந்தால் நன்றாகவே நடக்கிறது.

இதற்கு மாறாக, வயிற்றளவு மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்குமேல் ஏறி, தூக்கும் எடையும் ஏறினால் உபரி அதிகம். வேர்க்கடலையைப் பாதியாக்க வேண்டும். வயிறு ஏறி, தூக்கும் எடை நின்றுவிட்டால் உணவில் கை வைப்பதற்கு முன் பயிற்சியைப் பாருங்கள்: செட்டுகளை இன்னும் இரண்டு தடவைதான் முடியும் என்ற நிலை வரை செய்கிறீர்களா, மூன்று நாளும் போகிறீர்களா, இரவில் ஏழு மணி நேரம் தூங்குகிறீர்களா என்ற வரிசையில். உடல் எடை ஏறாமல் தூக்கும் எடை மட்டும் ஏறுவது முதல் இரண்டு மாதங்களில் சாதாரணம், ஏனெனில் தொடக்கத்தில் வலு கூடுவதில் பெரும்பங்கு நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது.

ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே நம் நாட்டவருக்குச் சொல்லப்படும் வயிற்றளவு எல்லை. தொடங்கும்போதே அதற்கு அருகில் இருப்பவர்கள் உபரியே சேர்க்க வேண்டாம். எடையைத் தாங்கும் கலோரியிலேயே புரதத்தை மட்டும் மேலே சொன்ன அளவுக்கு உயர்த்தி, அதே மூன்று நாள் பயிற்சியைச் செய்தால், புதியவர்களுக்குக் கொழுப்பு குறைந்தபடியே தசை கூடும். அவர்களின் நோட்டில் எடை அசையாமல் நிற்கும். வயிற்றளவு இறங்குவதையும் டம்பெல் எண் ஏறுவதையும் பார்த்துத்தான் அவர்கள் தொடர வேண்டும்.